கடன் தவணை போக மிஞ்சும் பணத்தை வைத்துத் திட்டத்தை மதிப்பிடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறு தொழில்களுக்கு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் தயாரிக்கும்போது என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. எல்லாவற்றுக்கும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்கிறேன். திருப்பூரில் ஒரு நிட்டிங் யூனிட், ஜாப் ஒர்க்குக்காக 100 லட்சம் ரூபாய்க்கு மெஷின் வாங்குகிறது. அதில் 60 லட்சம் டெர்ம் லோன், 40 லட்சம் உரிமையாளரின் மார்ஜின். வட்டி 10%. அசலை ஐந்து ஆண்டுகளில் ஆண்டுக்கு 12 லட்சமாகத் திருப்ப வேண்டும். கூலி, கரண்ட், வாடகை எல்லாம் போக ஆண்டுக்கு 36 லட்சம் நிற்கிறது. ஐந்தாம் ஆண்டு முடிவில் மெஷினுக்கு விலை ஏதும் கிடைக்காது என்று எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை, தொகைகள் எல்லாம் லட்சத்தில்.

"பேங்குக்குக் கட்டியது போக என் கையில் எவ்வளவு நிற்கும், அதற்கு இன்று என்ன மதிப்பு? இது மட்டும் தெரிந்தால் போதாதா?"

போதும். அதற்கென்றே ஒரு முறை இருக்கிறது. மெஷின் சம்பாதிக்கும் பணத்திலிருந்து வட்டி, வரி, அசல் மூன்றையும் கழித்துவிட்டு மிஞ்சுவதை மட்டும் எடுத்து, அதை உரிமையாளர் தன் பணத்துக்கு எதிர்பார்க்க வேண்டிய வருமான விகிதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவருகிறோம். கீழே ஒரு விகிதத்தில் 'கழிப்பது' என்று சொல்வது இதைத்தான். அந்த விகிதத்தைச் 'சொந்த முதலின் செலவு' என்பார்கள், இங்கே அது 20%-ஐ ஒட்டி வரும். கிடைத்த மதிப்பிலிருந்து, போட்ட 40 லட்சத்தைக் கழித்தால் மிஞ்சுவதுதான் திட்டம் உங்களுக்குத் தரும் உண்மையான லாபம்.

கழிக்க வேண்டியது 40-ஐத்தான், 100-ஐ அல்ல. மெஷினுக்கு 100 வெளியே போகும் நாளிலேயே பேங்க் பணம் 60 உள்ளே வந்துவிடுகிறது. அந்த 60-ஐப் பின்னால் தவணையாக ஒருமுறை கழிக்கத்தான் போகிறோம். கடைசியில் வந்த மதிப்பிலிருந்து கடனை மறுபடியும் கழித்தால் ஒரே கடனை இரண்டு முறை அடைத்ததாகிவிடும்.

"கையில் நிற்பதைக் கணக்குப் போடுவது எப்படி? லாப நட்டக் கணக்கில் வரும் லாபத்தை அப்படியே எடுக்கலாமா?"

எடுக்கக் கூடாது. அந்த லாபத்தில் தேய்மானம் கழிந்திருக்கும், ஆனால் அது கையை விட்டுப் போகாத பணம். அசல் தவணை கையை விட்டுப் போகும் பணம், ஆனால் லாபக் கணக்கில் அது வராது.

முதல் ஆண்டைப் பாருங்கள். நின்றது 36. தேய்மானம் ஆண்டுக்கு 20 என்று வைத்தால் மிச்சம் 16. அதில் வட்டி 6 போக 10. அதற்கு 25% வரி 2.5. இப்போது ரொக்கத்துக்கு வருவோம்: 36-இல் வட்டி 6, வரி 2.5, அசல் 12 போக 15.5. வட்டி கட்டியதால் வரி குறைந்தது. அசல் கட்டியதால் வரி ஒரு பைசாகூடக் குறையவில்லை. பலரும் மொத்தத் தவணையையும் செலவாகக் கழித்து வரி போடுகிறார்கள், அது தவறு.

| ஆண்டு | தொடக்கக் கடன் | வட்டி | வரி | அசல் | கையில் நிற்பது |
|---|---|---|---|---|---|
| 1 | 60 | 6.0 | 2.5 | 12 | 15.5 |
| 2 | 48 | 4.8 | 2.8 | 12 | 16.4 |
| 3 | 36 | 3.6 | 3.1 | 12 | 17.3 |
| 4 | 24 | 2.4 | 3.4 | 12 | 18.2 |
| 5 | 12 | 1.2 | 3.7 | 12 | 19.1 |

வருமான வரிக் கணக்கில் மெஷினுக்குத் தேய்மானம் பொதுவாகக் குறையும் மதிப்பில் 15%. அதாவது முதல் ஆண்டு 15, அடுத்த ஆண்டு 12.75 என்று இறங்கிக்கொண்டே போகும். இங்கே சமமாக 20 வைத்தது எண்களை எளிதாக்கத்தான். உங்கள் கணக்கில் வரிக்குரிய தேய்மானத்தையே போடுங்கள். வரி விகிதமும் அப்படித்தான்: 22% திட்டத்தைத் தேர்ந்த கம்பெனிக்கு சர்சார்ஜ், செஸ் சேர்த்து 25.17%, பார்ட்னர்ஷிப்புக்கு 30%-உம் அதன்மேல் செஸ்ஸும்.

"பேங்கே 10%-க்குக் கொடுக்கிறான். என் சொந்தப் பணத்துக்கு நான் ஏன் 20% போட வேண்டும்?"

பேங்க் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறது, நீங்கள் கடைசிப் பந்தி. ஆர்டர் குறைந்தாலும் தவணை குறையாது. குறைவது முழுவதும் உங்கள் இலையில்தான்.

எண்ணில் பார்க்கலாம். 36-க்குப் பதிலாக 30 தான் நின்றது என்று வையுங்கள். கடனே இல்லாமல் மெஷின் வாங்கியிருந்தால் வரி போக 32 நின்றிருக்கும் இடத்தில் 27.5 நிற்கும். 14% சரிவு. ஆனால் 60 லட்சம் கடனோடு இருக்கும்போது முதல் ஆண்டு 15.5 நிற்க வேண்டிய இடத்தில் 11 தான் நிற்கும். 29% சரிவு. மெஷின் அதே மெஷின், ஆர்டர் அதே ஆர்டர். கடன் வந்ததால் உங்கள் பங்கின் ஆட்டம் மட்டும் இரண்டு மடங்கானது. ஆட்டம் கூடினால் எதிர்பார்க்கும் வருமானமும் கூடத்தான் வேண்டும். பிராங்கோ மொடிக்லியானி, மெர்ட்டன் மில்லர் இருவரும் 1958-இல் வெளியிட்ட கட்டுரையில் காட்டியதும் இதைத்தான்: கடன் ஏற ஏறச் சொந்த முதலின் செலவும் ஏறும்.

"சரி, அந்த விகிதத்துக்கு எந்த எண்ணைப் போடுவது?"

முதலில், கடனே இல்லாவிட்டால் இந்தத் தொழிலுக்கு என்ன வருமானம் கேட்போம் என்று முடிவு செய்ய வேண்டும். பத்தாண்டு அரசுக் கடன் பத்திரத்துக்கு 7%, தொழிலின் ஆபத்துக்கு 8% என்று வைத்து, இங்கே 15% எடுக்கிறேன். பங்குச் சந்தையில் உள்ள ஜவுளிக் கம்பெனிகளின் பீட்டாவை, அதாவது சந்தை ஆடும்போது அவர்கள் பங்கு எவ்வளவு ஆடுகிறது என்ற அளவைப் பார்த்து இதைப் பிடிக்கலாம். ஆனால் அந்தப் பீட்டாவில் அவர்கள் வாங்கிய கடனின் ஆட்டமும் கலந்திருக்கும். அதை நீக்கிய பிறகுதான் அது தொழிலின் பீட்டா.

அதன்மேல் உங்கள் கடனுக்கான கூடுதலைச் சேர்க்க வேண்டும்:

```
சொந்த முதலின் செலவு = 15% + (15% − 10%) × கடன் ÷ சொந்த முதலின் மதிப்பு
```

வட்டியால் மிச்சமாகும் வரியை, அதாவது வரிச் சலுகையையும் தொழிலின் ஆபத்து விகிதத்திலேயே, அதாவது 15%-லேயே கழிக்கும்போது பொருந்தும் சூத்திரம் இது. வரிச் சலுகை கடனைப் போலவே உறுதியானது என்று நினைப்பவர்கள் அதை 10%-இல் கழிப்பார்கள். நம் எடுத்துக்காட்டில் இரண்டுக்கும் வரும் வேறுபாடு சுமார் 33 ஆயிரம் ரூபாய். அதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை.

கவனம் தேவைப்படுவது அந்த வகுத்தலில். கீழே வருவது சொந்த முதலின் மதிப்பு, நீங்கள் போட்ட தொகை அல்ல. பேங்க் படிவத்தில் 60-க்கு 40 என்று இருப்பதால் 1.5 என்று எடுத்தால் விகிதம் 22.5% ஆகிவிடும். திட்டம் நல்ல திட்டமாக இருந்தால், போட்ட 40 லட்சத்துக்கு இன்றைய மதிப்பு 40-க்கும் மேலே இருக்கும், அதனால் விகிதம் குறையும்.

"ஒரே விகிதத்தை ஐந்து ஆண்டுக்கும் போட்டால் என்ன? எக்ஸெல்லில் NPV போட்டால் முடிந்ததே."

இந்த முறையில் அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஆண்டுதோறும் அசல் அடைகிறது. 60 இருந்த கடன் கடைசி ஆண்டின் தொடக்கத்தில் 12 ஆகிவிடுகிறது. மெஷினின் மீதி ஆயுள் சுருங்குவதால் உங்கள் பங்கின் மதிப்பும் இறங்குகிறது, ஆனால் கடன் அளவுக்கு வேகமாக இல்லை. ஆகவே கடனுக்கும் சொந்த மதிப்புக்கும் உள்ள விகிதம் ஒவ்வோர் ஆண்டும் மாறுகிறது, அதோடு நீங்கள் சுமக்கும் ஆபத்தும் மாறுகிறது. அப்படியிருக்க எல்லா ஆண்டுக்கும் ஒரே விகிதம் எப்படிப் பொருந்தும்?

22.5%-ஐ ஐந்து ஆண்டுக்கும் போட்டால் மதிப்பு 48.0 வரும், லாபம் 8.0. ஆண்டுக்காண்டு சரியான விகிதத்தைப் போட்டால் மதிப்பு 50.56, லாபம் 10.56. இரண்டரை லட்சம் குறைத்துக் காட்டுகிறது. நல்ல திட்டத்தில் இதனால் பெரிய கெடுதி இல்லை. ஆனால் லாபம் ஒன்றிரண்டு லட்சத்தில் நிற்கும் திட்டமாக இருந்தால், எடுக்க வேண்டியதை வேண்டாம் என்று தள்ளிவிடுவீர்கள்.

எதிர்ப்பக்கம் விழுந்தால் இன்னும் ஆபத்து. கடன் வந்ததையே மறந்து 15%-இல் கழித்தால் லாபம் 17.2 என்று காட்டும். நடக்காத லாபம் அது.

"மதிப்பு தெரிந்தால்தான் விகிதம் தெரியும், விகிதம் தெரிந்தால்தான் மதிப்பு தெரியும் என்கிறீர்கள். எங்கிருந்து தொடங்குவது?"

கடைசி ஆண்டிலிருந்து பின்னோக்கி வாருங்கள். மேலே உள்ள சூத்திரத்தைக் கொஞ்சம் இடம் மாற்றி எழுதினால் சிக்கல் அவிழ்ந்துவிடும்: ஓர் ஆண்டில் கையில் நிற்பதோடு அந்த ஆண்டு முடிவில் உள்ள மதிப்பைக் கூட்டி, தொடக்கக் கடனில் 5%-ஐக் கழித்து, 1.15-ஆல் வகுத்தால் ஆண்டுத் தொடக்க மதிப்பு. அந்த 5% என்பது 15%-க்கும் 10%-க்கும் உள்ள இடைவெளி, கடன் உங்கள் தலையில் ஏற்றிய கூடுதல் ஆபத்துக்கான விலை.

ஐந்தாம் ஆண்டு: கையில் 19.1, முடிவில் மதிப்பு ஏதுமில்லை, கடன் 12-இல் 5% என்றால் 0.6. மிச்சம் 18.5, அதை 1.15-ஆல் வகுத்தால் 16.09.

நான்காம் ஆண்டு: 18.2 + 16.09 − 1.2 = 33.09. வகுத்தால் 28.77.

இப்படியே வந்தால் மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்தில் 38.50, இரண்டாம் ஆண்டுத் தொடக்கத்தில் 45.65, இன்று 50.56. விகிதம் எத்தனை என்று கேட்காமலேயே மதிப்பு கிடைத்துவிட்டது. அதை வைத்துத் திரும்பிப் பார்த்தால் விகிதங்களும் தெரிகின்றன: முதல் ஆண்டு 20.9%, பிறகு 20.3, 19.7, 19.2, கடைசியில் 18.7.

எக்ஸெல்லில் B முதல் F வரை ஐந்து ஆண்டுகள். 2-ஆம் வரிசையில் கையில் நிற்பது, 3-இல் தொடக்கக் கடன், 4-இல் மதிப்பு. F4-இல் இதைத் தட்டி இடப்பக்கம் B4 வரை இழுங்கள், G4 காலியாக இருக்கட்டும்:

```
=(F2+G4-0.05*F3)/1.15
```

சரிபார்க்க ஒரு வழி உண்டு. கடனில்லாத் திட்டமாக ஆண்டுக்கு 32 என்று 15%-இல் கழித்தால் 107.27 வரும். வட்டியால் மிச்சமாகும் வரி 1.5, 1.2, 0.9, 0.6, 0.3. அதையும் 15%-இல் கழித்தால் 3.30. தசமங்களை வெட்டாமல் கூட்டினால் 110.56, கடன் 60 போக 50.56. இரண்டு வழியிலும் ஒரே எண் வராவிட்டால் எங்கோ தவறு இருக்கிறது. நான் எந்த ரிப்போர்ட்டையும் இதைப் பார்க்காமல் கையெழுத்துக்குக் கொடுப்பதில்லை.

"எனக்கு ஐஆர்ஆர் 31% வருகிறது. பேங்க் 80 லட்சம் கொடுத்தால் 50% வருமாம். அப்படியானால் அதிகமாகக் கடன் வாங்குவதுதானே நல்லது?"

கணக்கு சரி, முடிவு சரியில்லை. ஐஆர்ஆர் என்பது போட்ட பணம் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் சம்பாதிக்கிறது என்ற எண். 40 லட்சம் போட்டு ஆண்டுதோறும் 15.5 முதல் 19.1 வரை எடுத்தால் அது சுமார் 31.3%. 80 லட்சம் கடனில் உங்கள் பணம் 20 தான், கையில் நிற்பது 10-இல் தொடங்கி 14.8 வரை. ஐஆர்ஆர் ஏறத்தாழ 50%.

ஆனால் உங்கள் லாபம் லட்சத்தில் எவ்வளவு கூடியது? 10.56-இலிருந்து 11.66. ஒரு லட்சத்து பத்தாயிரம். அதுவும் வட்டியால் மிச்சமான வரி மட்டுமே, மெஷின் ஒரு கிலோகூட அதிகமாகப் பின்னவில்லை. 80 லட்சம் கடனில் முதல் ஆண்டுச் சொந்த முதலின் செலவு 27.6% ஆகிவிடுகிறது, ஆகவே 50%-ஐ 21%-ஓடு ஒப்பிடவே கூடாது. மேலே சொன்ன அதே மந்தம் வந்து 36-க்குப் பதில் 30 நின்றால், முதல் ஆண்டு கையில் நிற்கும் 10 லட்சம் 5.5 ஆகிவிடும். பாதிக்குக் கொஞ்சம் குறைவான சரிவு.

இதில் சேராத செலவும் ஒன்று உண்டு. தவணை தவறும் நிலை வந்தால் ஸ்பேர் பார்ட்ஸ் கொடுப்பவர்கள் கடன் தர யோசிப்பார்கள், ஆர்டர் கொடுப்பவர்கள் வேறு யூனிட்டைத் தேடுவார்கள். அந்த இழப்பு எந்தச் சூத்திரத்திலும் வருவதில்லை. கடன் தொகையை முடிவு செய்ய ஐஆர்ஆரைப் பார்க்காதீர்கள். மோசமான ஆண்டில் தவணை கட்ட முடியுமா என்று பாருங்கள். 80 லட்சம் கடனில் முதல் ஆண்டுத் தவணை 24. 36 நிற்கும் ஆண்டில் வரி போக 34 இருக்கும், தவணையைப் போல எத்தனை மடங்கு பணம் இருக்கிறது என்று காட்டும் டிஎஸ்சிஆர் 1.42. 30 நிற்கும் ஆண்டில் 29.5, அதாவது 1.23.

"ஆடிட்டர் சராசரி மூலதனச் செலவில் கழித்து 19 லட்சம் லாபம் என்கிறார். நீங்கள் பத்தரை என்கிறீர்கள். யார் சொல்வது சரி?"

அவர் எதைக் கழித்தார் என்று கேளுங்கள். சராசரி மூலதனச் செலவு என்பது, வரிச் சலுகை போக பேங்குக்குக் கொடுப்பதையும் நீங்கள் கேட்பதையும் கலந்த விகிதம். இங்கே முதல் ஆண்டுக்கு அது 13.64%. பேங்குக்கும் உங்களுக்கும் சேர்த்து வரும் பணத்தைத்தான், அதாவது ஆண்டுக்கு 32-ஐத்தான், அதில் கழிக்க வேண்டும். அதை விட்டு, தவணை போன பிறகு நிற்கும் 15.5, 16.4 வரிசையை 13.64%-இல் கழித்தால் 59.1 வரும், 40 போக 19.1. உங்கள் ஆடிட்டர் சொன்ன எண் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

பேங்கின் பங்கை ஏற்கெனவே கொடுத்து அனுப்பிவிட்டோம். அதற்குப் பிறகும் பேங்கின் மலிவு வட்டியை விகிதத்தில் கலந்தால், அதே சலுகையை இரண்டாம் முறை எடுத்துக்கொள்கிறோம். இந்த ஒரு தவறு லாபத்தை ஏறத்தாழ இரண்டு மடங்காக்கிவிடுகிறது. எனக்குப் பார்வைக்கு வந்த ரிப்போர்ட்டுகளில் அதிகம் கண்டது இதைத்தான். விகிதம் பேங்க் வட்டிக்கு அருகில் இருந்து, ரொக்கம் தவணைக்குப் பிந்தியதாக இருந்தால் உடனே சந்தேகப்படுங்கள்.

"கணக்கில் நல்ல லாபம் வந்தது, ஆனால் நிஜத்தில் கையில் பணம் இல்லை. எது விட்டுப்போயிருக்கும்?"

பெரும்பாலும் நடைமுறை மூலதனம். ஜாப் ஒர்க் கூலி இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் வரும். அதுவரை ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். அன்றாடச் செலவுக்குப் பேங்க் தரும் சிசி லிமிட் இருந்தாலும் அதிலும் உங்கள் மார்ஜின் உண்டு. நம் யூனிட்டுக்குத் தொடக்கத்தில் 8 லட்சம் அப்படி முடங்கி, ஐந்தாம் ஆண்டு முடிவில் முழுதாகத் திரும்புகிறது என்று வையுங்கள். திரும்பி வருகிறதே என்று விட்டுவிடத் தோன்றும். போட்டுப் பாருங்கள்: ஐந்தாம் ஆண்டு 27.1 ஆகும், இன்றைய மதிப்பு 54.54 ஆகும், ஆனால் போட்டது 48. லாபம் 10.56-இலிருந்து 6.54-க்கு இறங்கிவிட்டது.

அடுத்தது உங்கள் சம்பளம். காலை முதல் இரவு வரை யூனிட்டில் நிற்கிறீர்கள். அதே வேலைக்கு ஒரு மேனேஜரை வைத்தால் கொடுக்கும் சம்பளத்தை அந்த 36-க்கு முன்பே கழித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் உழைப்பின் கூலியை மெஷினின் லாபம் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

மாரட்டோரியம் காலத்து வட்டியையும் பாருங்கள். மெஷின் வந்து, கனெக்ஷன் கிடைத்து, ஓடத் தொடங்கும் வரை கட்டும் வட்டி உங்கள் கையிலிருந்துதான் போகிறது. அப்போது போட்டது 40-க்கு மேல். நட்டம் வரும் ஆண்டில் வட்டிக்கு வரிச் சலுகை அந்த ஆண்டிலேயே கிடைக்காது, லாபம் வரும் ஆண்டு வரை காத்திருக்க வேண்டும். வரியை எதிர் எண்ணாக்கி உள்ளே வரவு வைத்துவிடாதீர்கள்.

"எல்லாத் திட்டத்துக்கும் இதே முறையைப் போடலாமா?"

அசல், வட்டி அட்டவணை கையில் இருந்து, கடன் அந்தத் திட்டத்துக்கே உரியதாக இருந்தால் நன்றாகப் பொருந்தும். டோல் ரோடு, சோலார் போன்றவற்றைத் தனிக் கம்பெனியாக வைத்து நடத்துபவர்களும், அதில் பங்கு வாங்க வருபவர்களும் இந்தக் கோணத்தில்தான் பார்க்கிறார்கள். அங்கே ஒன்று கூடுதல்: கடன் ஒப்பந்தப்படி ரிசர்வ் கணக்கில் பணம் ஒதுக்க வேண்டியிருக்கும், டிஎஸ்சிஆர் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் டிவிடெண்ட் எடுக்க முடியாது. அப்போது கையில் நிற்பது என்றால் எடுக்க முடிந்த பணம் மட்டும்.

ஏற்கெனவே ஓடும் கம்பெனி, இருக்கிற பொதுக் கடனிலிருந்தே புது மெஷின் வாங்குகிறது என்றால் எந்தக் கடன் எந்த மெஷினுக்கு என்று பிரிப்பதே கற்பனையாகிவிடும். அங்கே இந்த முறையை விட்டுவிட்டு, கடனுக்கு முந்தைய ரொக்கத்தை 15%-இல் கழித்து, வரிச் சலுகையைத் தனியாகக் கூட்டுவதையே நான் செய்வேன். நம் நிட்டிங் யூனிட்டுக்குச் சரிபார்க்கச் செய்த அதே கணக்குதான் அது.